வடக்குச் சுவரில் x = 12

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அதற்குப் பின்னால் சோகக் கதை எதுவும் கிடையாது. ஆறாம் வகுப்புக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். அங்கே முதல் நாள் ஒவ்வொருவராக எழுந்து நின்று பேர் சொல்ல வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். நான் போகவில்லை. வீட்டில் இரண்டு நாள் அடித்துப் பார்த்தார்கள். அடி எனக்குப் பரவாயில்லை என்று தோன்றியது. எழுந்து நிற்பதைவிட அது சுலபம்.

அப்படிப்பட்டவன் வாட்ச்மேன் ஆனதுதான் வேடிக்கை. வெள்ளிமலையில் ஒரு மாணவர் விடுதியில் பல வருஷமாகக் காவல் இருக்கிறேன். யாராவது கேட்டுக்கு வந்தால், "யாருங்க?" என்று நான் கேட்பதற்குள் அவர்கள் உள்ளே போய், வேலையை முடித்து, வெளியே வந்து, எனக்கு வணக்கமும் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். விடுதிக்குக் காவல் காத்தது பெரும்பாலும் கேட்டின் தாழ்ப்பாள்தான்.

வேலை தற்காலிகம். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி இருந்தால் நிரந்தரம் ஆகலாம் என்றார்கள். தனித்தேர்வராக எழுதலாம், வயது தடை இல்லை. மீசை நரைத்த பிறகு முதல் முறை எழுதினேன். தமிழ், அறிவியல், சமூக அறிவியல் எல்லாவற்றிலும் தப்பித்தேன். ஆங்கிலத்தில் எப்படித் தப்பித்தேன் என்பது ஆங்கிலத்துக்கே தெரியாது. கணக்கில் மட்டும் முப்பத்தொன்று. நான்கு மதிப்பெண் குறைவு.

அந்த நாலு எங்கே போனது என்பது எனக்குத் தெரியும். கடைசிக் கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கும்போது விடைத்தாள் தீர்ந்துவிட்டது. எழுந்து, "இன்னொரு பேப்பர் வேணும்" என்று கேட்டால் கொடுப்பார்கள். மற்றவர்கள் கேட்டு வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். நான் கேட்கவில்லை. கணக்கின் மீதி என் தலைக்குள்ளேயே பஸ் ஏறி மலைக்கு வந்து சேர்ந்தது.

என்னோடு எழுதியவர் எங்கள் விடுதிச் சமையல்காரர், அவர் வேலையும் தற்காலிகம்தான். என்னைவிட மூன்று வயது மூத்தவர். அண்ணே என்று கூப்பிடுவேன். அவரும் கணக்கில் போய்விட்டார். காரணம் நேர்மையானது. அவருக்கு அது தெரியவில்லை. ஆனால் பேப்பர் மூன்று முறை கேட்டு வாங்கியிருந்தார்.

அடுத்த முறைக்கு இருவரும் கள்ளக்குறிச்சியில் ஒரு டியூஷனில் சேர்ந்தோம். ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் மலையிறங்கிப் போவோம். ஒரு உரக்கடையின் மாடி. கீழே மூட்டைகள், மேலே நாங்கள். சொல்லித் தந்தவர் ஒரு பெண். என் தங்கை வயதுகூட இருக்காது. எங்களை எல்லாம் அண்ணே, அக்கா என்றுதான் கூப்பிடுவார். திட்டும்போதும் அப்படியேதான்.

"நேரமும் வேலையும்" என்ற பாடம் வந்த அன்று போர்டில் ஒரு கணக்கு எழுதினார். ஒரு வேலையை A தனியாகப் பத்து நாளில் முடிப்பார். B தனியாகப் பதினைந்து நாளில் முடிப்பார். இருவரும் சேர்ந்து செய்தால் எத்தனை நாள்?

"இருபத்தஞ்சு!" என்றார் சமையல்கார அண்ணன். கேள்வி முடியும் முன்பே பதில் சொல்வது அவர் வழக்கம்.

டீச்சர் சாக்பீசைக் கீழே வைத்தார். "ஏண்ணே, A ஒத்த ஆளா செஞ்சாவே பத்து நாளு. கூட B வந்ததும் இருபத்தஞ்சா? B வேல செய்ய வந்தாரா, வேலைய கெடுக்க வந்தாரா?"

"என் மச்சினனை இட்டாந்தா இருபத்தஞ்சுதான் ஆவும் டீச்சர்."

மாடியே சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டார்.

"கூட்டி ரெண்டால வகுக்கணும்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "பன்னெண்டரை."

"A தனியாவே பத்து நாள்ல முடிச்சிடுவாருன்னு சொல்லிக்கினே இருக்கேன். ஒதவிக்கு ஆளு வந்தப்புறம் பத்துக்கு மேல எப்படிப் போவும்?"

எனக்குப் பத்துக்குக் கீழேதான் வரும் என்று தெரிந்தது. சுண்ணாம்பு அடித்தவன், மண் வெட்டியவன் யாருக்கும் தெரியும். சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். கொட்டாவி என்று நினைத்து டீச்சர் முறைத்தார். மூடிக்கொண்டேன்.

"நாளைக் கூட்டாதீங்க. ஒரு நாள்ல இன்னா வேலை ஆவுதோ அதைக் கூட்டுங்க. பத்து நாளு வேலைன்னா ஒரு நாளைக்குப் பத்துல ஒரு பங்கு. B-க்குப் பதினஞ்சுல ஒரு பங்கு." போர்டில் எழுதினார். 1/10 + 1/15. கீழே இருப்பதை முப்பது ஆக்கினார். 3/30 + 2/30 = 5/30. அது 1/6. "ஒரு நாளைக்கு ஆறுல ஒரு பங்கு முடியுது. அப்ப முழு வேலை ஆறு நாளு. ரெண்டு பேரும் தெனமும் ஒரே வேகத்துல செய்றதா வெச்சிக்கணும்."

"சண்டை போட்டுக்கினாங்கன்னா?" என்றார் அண்ணன்.

"கணக்குல சண்டை கெடையாதுண்ணே."

"அப்ப இது மனுசங்க கணக்கே இல்ல" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். அவர் மெதுவாகச் சொன்னால் ஆறு பேருக்குக் கேட்கும்.

பரீட்சை திங்கட்கிழமை தொடங்குகிறது. முதல் பரீட்சையே கணக்கு. அதற்கு முந்தைய வாரம் வார்டன் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். விடுமுறை, பிள்ளைகள் ஊருக்குப் போயிருந்தார்கள், பெரிய அடுப்பும் எரியவில்லை. திங்கட்கிழமை மேலதிகாரி விடுதியைப் பார்க்க வருகிறாராம். சுற்றுச்சுவர் முழுக்கச் சுண்ணாம்பு அடித்தாக வேண்டும்.

"சார், எங்களுக்கு அன்னிக்குப் பரீட்சை" என்றார் அண்ணன்.

"போய் எழுதுங்க. யாரு வேணாம்னது? சுவரு முடியாம ஒருத்தரும் மலைய வுட்டு எறங்கக் கூடாது. எத்தினி நாளாவும்னு சொல்லுங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் வார்டனுடைய மேசைக் காலைப் பார்த்தேன். பிறகு இருவரும் சமையலறைக்குப் போய்க் கணக்குப் போட்டோம்.

"நீ தனியா எத்தினி நாளு?"

"ஆறு." இது உண்மை. முன்னே இரண்டு வருஷம் அந்தச் சுவரைத் தனியாக அடித்திருக்கிறேன். இரண்டு முறையும் ஆறே நாள்.

"நீங்க அண்ணே?"

அவர் அந்தச் சுவரை ஒரு நாளும் தொட்டதில்லை. சாய்ந்திருக்கிறார், அவ்வளவுதான். "நான் அஞ்சுன்னு சொல்லலாம்" என்றார். "உனக்கு மனசு கஷ்டமாவும். ஆறுன்னே வெச்சிக்க."

வைத்துக்கொண்டேன். 1/6 + 1/6 = 2/6. அதாவது 1/3. மூன்று நாள். வியாழன், வெள்ளி, சனி. ஞாயிறு காலை டியூஷனில் கடைசி வகுப்பு. போன முறை போன நாலு மதிப்பெண்ணை அங்கேதான் பிடிக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். திங்கள் பரீட்சை. எல்லாம் சுவரில் ஆணி அடித்து மாட்டியதுபோல் பொருந்தி நின்றது.

வாயால் சொல்லக் கூச்சப்பட்டு, கணக்கை ஒரு தாளில் எழுதி மடித்து வார்டனிடம் நீட்டினேன்.

"இன்னாய்யா இது, லவ் லெட்டரா?" என்று பிரித்துப் பார்த்தார். "மூணு நாளா? சரி. உன் கணக்கு உன் கழுத்துக்கு."

எங்கள் விடுதியின் சுற்றுச்சுவர் சதுரம். நாலு பக்கமும் ஒரே நீளம். கிழக்கில் கேட் இருப்பதால் கொஞ்சம் குறையும், ஆனால் அங்கே இருக்கும் இரண்டு பெரிய தூண்கள் அதைச் சரிக்கட்டிவிடும். ஒரு கை சுண்ணாம்பு, அதாவது ஒரே பூச்சு, போதும் என்றார் வார்டன். வியாழன் காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தோம். எட்டிலிருந்து ஐந்து வரை, நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாடு. அதுதான் ஒரு நாள் என்று பேச்சு.

நான் உயரம் என்பதால் சுவரின் மேல்பாதி எனக்கு, கீழ்ப்பாதி அவருக்கு. என் பாதி முன்னே போய்விட்டால் திரும்பி வந்து, குனிந்து, அவர் பாதியிலும் நாலு இழுப்பு இழுப்பேன். யார் எவ்வளவு அடித்தோம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. பிரித்துப் பார்க்கவும் தோன்றவில்லை. பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் வேலை தெரியாது. அவர் இருந்தால் நேரமும் தெரியாது.

மனிதர் கதை சொன்னார். ஒரு கல்யாணத்தில் சாம்பார் பற்றாமல் போய், ரசத்தில் பருப்பைக் கரைத்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டாரே "சாம்பார் பிரமாதம்" என்று சொன்ன கதை. அண்டாவைத் தூக்கியதை அவர் காட்ட வேண்டும். அதற்கு இரண்டு கையும் வேண்டும். சுண்ணாம்பு அடிக்கும் மட்டையை வாளியில் வைப்பார். அண்டாவைத் தூக்குவார். இறக்குவார். யாராவது அதன் கனத்தை நம்பவில்லை என்றால் மறுபடி தூக்குவார். நான் ஒருவன்தான் இருந்தேன், நான் நம்பினேன், ஆனாலும் மறுபடி தூக்கினார்.

வியாழன் ஐந்து மணிக்குக் கிழக்குப் பக்கம் முடிந்தது. வெள்ளி தெற்கு. சனி மேற்கு. கடைசி இழுப்பை இழுத்துவிட்டுத் திரும்பினால், மூலைக்கு அந்தப் பக்கம் வடக்குச் சுவர் போன வருஷத்து அழுக்கோடு முழுசாக நின்றுகொண்டிருந்தது.

அண்ணன் டீ போட்டுக்கொண்டு வருகிறேன் என்று உள்ளே போனார்.  மூன்று நாள் ஆகிவிட்டது, கால்வாசிச் சுவர் பாக்கி. கணக்கு எப்படித் தப்பும்? டீச்சர் போர்டில் போட்டபோது தப்பவில்லையே. அடுப்புக்கரித் துண்டு ஒன்று கீழே கிடந்தது. வடக்குச் சுவரில் எழுதிப் பார்த்தேன். எப்படியும் சுண்ணாம்பு அடிக்கப்போகிற சுவர்தானே.

மூன்று நாளில் மூன்று பக்கம். அப்படியென்றால் இருவரும் சேர்ந்து ஒரு நாளைக்கு 1/4. என்னுடையது 1/6, அதில் சந்தேகம் இல்லை. அண்ணன் சொன்ன ஆறைத் தூக்கி ஓரமாக வைத்தேன். அந்த இடத்தில் x போட்டேன்.

1/6 + 1/x = 1/4

1/x = 1/4 − 1/6

1/x = 3/12 − 2/12

1/x = 1/12

x = 12

சரிபார்த்தேன். 1/6 என்பது 2/12. அதோடு 1/12 சேர்த்தால் 3/12. அது 1/4. சரிதான். கணக்கில் ஒரு குற்றமும் இல்லை. உள்ளே போட்டது பெருமை, வெளியே வந்தது மூன்று நாள். புத்தகத்தில் A-வும் B-யும் தங்களைப் பற்றிப் பொய் சொல்வதில்லை. அவர்களிடம் யாரும் கேட்பதில்லை என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

மூன்று நாளாக ஒன்றாகக் கலந்து கிடந்த எங்கள் வேலையை அந்த ஐந்து வரி, அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி பிரித்து வைத்துவிட்டது. நான் ஒரு ஆள், அவர் அரை ஆள். பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது.

அடுத்த கணக்குதான் பயங்கரம். பாக்கி 1/4. நான் தனியாக ஒரு நாளைக்கு 1/6. வகுத்தால் 6/4, அதாவது ஒன்றரை நாள். ஞாயிறு முழுக்க, திங்கள் மத்தியானம் வரை. திங்கள் காலை பத்து மணிக்குப் பரீட்சை. அண்ணன் கூட நின்றால் ஒரே நாள். ஞாயிறு ஐந்து மணிக்கு முடித்து, ஐந்தரை பஸ்ஸைப் பிடிக்கலாம். டியூஷன் போய்விட்டது, போகட்டும். நான் பரீட்சைக்குப் போவதா வேண்டாமா என்பது இப்போது x கையில் இருந்தது. x-ஐ எந்தக் காரணம் கொண்டும் கோபப்படுத்தக் கூடாது.

அழித்துவிடலாம் என்று கையைத் தூக்கினேன். பின்னால் டீ வாசனை வந்தது.

"இன்னா தம்பி, சுவத்துல படிச்சிக்கினு இருக்கியா?" இரண்டு கண்ணாடி கிளாஸோடு நின்றார். டியூஷனுக்கு வந்து அவர் எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். அன்று வரி வரியாக வாசித்தார்.

"ஒன்னு பை ஆறு யாரு?"

"நான்."

"ஒன்னு பை x?"

நான் வாளியைப் பார்த்தேன்.

"x யாருன்னு கேட்டேன்."

"கணக்குல... தெரியாத ஆளுண்ணே."

"எத்தினி வருசமா ஒன்னா சோறு துன்றோம்? தெரியாத ஆளாம்ல?" குரல் மூலைக்கு மூலை எகிறியது. "பன்னெண்டு! நூத்தம்பது பேருக்கு ஒத்த ஆளா ஆக்கிப் போடறவன்டா நானு. என் கைய பன்னெண்டு நாளு கைன்னு எழுதி வெச்சிக்கிற. அதுவும் என் அடுப்புக் கரியில!"

 அவர் போய்விட்டார். எனக்காகக் கொண்டுவந்த டீயையும் எடுத்துக்கொண்டு.

அவருக்குக் கரியாலூரில் மாமியார் வீடு. கோபம் வந்தால் அங்கே போய் நாலு நாள் படுத்துக்கொள்வார். மாமியார் வீட்டுக்குக் கோபித்துக்கொண்டு போகிற ஆண்பிள்ளையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. போய்விட்டார் என்றால் என் பரீட்சையும் கூடவே கரியாலூர் ஜீப் ஏறிவிடும். போய் மன்னிப்புக் கேட்கலாம். அதற்கு எதிரே போய் நிற்க வேண்டும். அவர் அறை வாசல்வரை இரண்டு முறை நடந்தேன். உள்ளே டிரங்குப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. இரண்டு முறையும் திரும்பி வந்தேன்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு வாளியைத் தூக்கிக்கொண்டு, ஒன்றரை நாளை எப்படியாவது ஒரு நாளாக்க முடியுமா என்று யோசித்தபடி வடக்குப் பக்கம் திரும்பினேன். அண்ணன் அங்கே நின்றிருந்தார். மேற்கு மூலையில், நான் எழுதிய இடத்துக்கு எதிரே. சட்டையைக் கழற்றி, வேட்டியை மடித்துக் கட்டி, தலையில் துண்டு. முதல் இழுப்பே என் கணக்கின் மேல். x = 12 இருந்த இடத்தில் மட்டையை வைத்து, அதைக் கொலை செய்கிற மாதிரி தேய்த்தார்.

"அண்ணே" என்றேன்.

திரும்பவில்லை. மூங்கில் முக்காலியைப் போட்டு அவரே மேல்பாதியையும் அடித்தார். உன் உயரம் எனக்கு வேண்டாம் என்று அர்த்தம். நான் கிழக்கு மூலைக்குப் போய் அங்கிருந்து ஆரம்பித்தேன்.

அன்று கதை கிடையாது. அண்டா கிடையாது. மட்டை சுவரில் உரசும் சத்தமும், முக்காலியை இழுக்கும் சத்தமும்தான். பன்னிரண்டு மணிக்குப் போய்ச் சாப்பிட்டோம், ஆளுக்கொரு மூலையில். ஒரு மணிக்கு மறுபடி. நான் என் வழக்கமான வேகத்தில்தான் அடித்தேன். அதற்கு மேல் எனக்கு வராது. அந்தப் பக்கத்திலிருந்து வெள்ளை நெருங்கிக்கொண்டே இருந்தது. எவ்வளவு வேகம் என்று நிமிர்ந்து பார்க்கவும் பயம். கடைசியில் இருவருடைய மட்டையும் ஒரே இடத்தில் இடித்துக்கொண்டன. நிமிர்ந்தேன். சுவருக்கு நடுவில் ஒரு தூண் உண்டு. அதன் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர்.

மணி மூன்று.

வார்டன் சுற்றி வந்து பார்த்தார். "மூணு நாளுன்னு சொல்லி நாலாவது நாளும் பூந்துட்டீங்க. சரி, போய்த் தொலைங்க. பாஸ் பண்ணிட்டு வாங்க" என்றார். எங்கள் ஊரில் இது ஆசீர்வாதம்.

மூன்றரைக்கே ஒரு பஸ் இருந்தது. ஓடிப்போய் ஏறினோம். உட்கார ஒரே சீட்தான் கிடைத்தது, இரண்டு பேர் உட்காருவது. தோள் இடிக்க உட்கார்ந்துகொண்டு பேசாமல் வருவது பெரிய கஷ்டம். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் அவர் என் மேல் சாய்ந்தார். நாலாவதில் நான் அவர் மேல் சாய்ந்தேன். ஐந்தாவதில் அவர் வாயைத் திறந்தார்.

"நோட்ட எடு."

எடுத்தேன்.

"இன்னிக்குக் கணக்கப் போடு."

பஸ் ஆடிய ஆட்டத்தில் எழுத்து மலைப்பாதை மாதிரிதான் வந்தது. எட்டு மணி நேரம் ஒரு நாள். இன்று ஆறு மணி நேரத்தில் 1/4 வேலை முடிந்தது. அதை மூன்றாகப் பிரித்தால் இரண்டு மணி நேரத்துக்கு 1/12. எட்டு மணி நேரத்துக்கு அதைப்போல நாலு மடங்கு, 4/12. அதாவது ஒரு முழு நாளுக்கு 1/3.

"ஒன்னு பை ஆறு பிளஸ் ஒன்னு பை x, ஈக்குவல்ட்டு ஒன்னு பை மூணு" என்று அவரே சொன்னார். எனக்கு ஆச்சரியம். 

1/x = 1/3 − 1/6

1/x = 2/6 − 1/6

1/x = 1/6

அடுத்த வரியை எழுத விடவில்லை. பேனாவைப் பிடுங்கி, அவரே பெரிதாக எழுதினார். x = 6.

"ஆறு!" என்று எழுந்து நின்றார். "நான் சொன்னனா இல்லியா? ஆறு!"

"யாருக்கு ஆறு டிக்கெட்டு?" என்றார் முன்னாலிருந்து கண்டக்டர்.

"டிக்கெட்டு இல்ல சாமி, எனக்கு ஆறு நாளு!"

"எதுக்கு? கெடு சொல்லிட்டாங்களா?"

பஸ் முழுக்கச் சிரித்தது. அண்ணனும் சிரித்தபடி உட்கார்ந்தார். நான் நோட்டால் முகத்தை மூடிக்கொண்டேன்.

கொஞ்சம் பொறுத்துக் கேட்டேன். "அப்ப மூணு நாளா பன்னெண்டு ஏண்ணே வந்துச்சி?"

"மூணு நாளா உனக்குக் கத சொன்னன்ல? அதுக்கு உன் கணக்குல எடம் வெச்சியா?"

வைக்கவில்லை. எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை. ஆனால் அந்த நாலாவது நாளைப்போல் இன்னொரு நாள் அந்த மனிதரோடு வேலை செய் என்றால், எனக்கு ஒன்றரை நாள் தனியாக அடிப்பதே மேல்.

திங்கள் காலை பரீட்சை. அண்ணனுக்கு எனக்கு இரண்டு பெஞ்ச் பின்னால் இடம். கேள்வித்தாளைப் புரட்டியதும் கடைசிப் பக்கத்தில் அது இருந்தது. A, B இருவரும் சேர்ந்து ஒரு வேலையை எட்டு நாளில் முடிக்கிறார்கள். A தனியாகப் பன்னிரண்டு நாளில் முடிப்பார். B தனியாக எத்தனை நாளில் முடிப்பார்? ஐந்து மதிப்பெண்.

மற்றவற்றை முடித்துவிட்டு அதற்கு வந்தேன். நான் ஒவ்வொரு வரிக்கும் ஒரு காரணம் எழுதுகிறவன். தாள் தாராளமாகச் செலவாகும். B ஒரு நாளில் செய்யும் வேலை 1/x என்க என்று எழுதினேன். 1/12 + 1/x = 1/8 என்று எழுதினேன். அடுத்து 1/x = என்று எழுதியதும் தாள் தீர்ந்தது.

போன முறை நின்ற அதே இடம்.  தாளின் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதிவிடலாமா என்று பார்த்தேன். ஓரம் இல்லை. முப்பத்தொன்று கண்ணுக்கு முன்னால் வந்து போனது. அப்போது எதற்கோ அந்த வடக்குச் சுவர் ஞாபகம் வந்தது. அண்ணன் அறை வாசல்வரை இரண்டு முறை போய்த் திரும்பினேனே, ஒரு முறை உள்ளே போயிருந்தால் ஒரு டீயாவது மிஞ்சியிருக்கும்.

எழுந்து நின்றேன்.  மேற்பார்வைக்கு இருந்த அம்மா என்னைப் பார்த்தார்.

"இன்னாங்க, பாத்ரூமா?"

ஹால் சிரித்தது. பின்னாலிருந்து வந்த பெரிய சிரிப்பு யாருடையது என்று திரும்பாமலே தெரிந்தது.

"பேப்பருங்க" என்றேன். முதலில் எனக்கே கேட்கவில்லை. "இன்னொரு பேப்பர் வேணுங்க மேடம். B-க்கு எத்தினி நாளுன்னு இன்னும் வரல."

கொடுத்தார். அவ்வளவுதான். ஒரு வெள்ளைத் தாள். இதற்காக ஒரு வருஷம்.

1/x = 1/8 − 1/12. கீழே இருபத்துநாலு ஆக்கினேன். 3/24 − 2/24 = 1/24. x = 24. B தனியாக இருபத்துநாலு நாளில் முடிப்பார். சரிபார்த்தல் என்று அடிக்கோடு போட்டு எழுதினேன். 2/24 + 1/24 = 3/24 = 1/8. மீதிப் பக்கம் காலியாக இருந்தது. கேட்டு வாங்கியதாயிற்றே என்று கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வேப்பமரத்தடியில் அண்ணன் நின்றிருந்தார்.

"எத்தினி வந்துச்சி?"

"இருபத்தி நாலு."

"எனக்கும் அதான்." கொஞ்சம் யோசித்தார். "பாவம் அந்த B. நல்லா பேசறவனா இருப்பான்."

நான் கணக்கில் நாற்பத்திரண்டு. அவர் சரியாக முப்பத்தைந்து. ஒரு மதிப்பெண்கூட வீணாக்கவில்லை என்று இன்றைக்கும் சொல்கிறார். எங்களை நிரந்தரமாக்கும் ஃபைல் மலையிறங்கிப் போயிருக்கிறது. இன்னும் ஏறி வரவில்லை. அதை எத்தனை பேர் சேர்ந்து பார்க்கிறார்கள், அவர்களில் யார் எத்தனை நாள் ஆள் என்று தெரியாததால் கணக்குப் போட முடியவில்லை.

அந்தத் திங்கட்கிழமை வந்த மேலதிகாரி சுவரைப் பார்த்துத் திருப்தியாகத்தான் போனாராம். வெயில் காய்ந்தால் அது பளீரென்று இருக்கும். ஒரு கை சுண்ணாம்பு நனைந்தால் என்ன ஆகும் என்பது முதல் மழையில் தெரிந்தது. வெள்ளை மங்கி, அடியில் இருப்பது எல்லாம் மேலே வந்தது. வடக்குச் சுவரின் மேற்கு மூலையில் என் கையெழுத்து, கடைசி வரி மட்டும் தெளிவாக. x = 12.

வார்டன் குடையோடு அதன் முன்னால் நின்றார். "யாருய்யா இந்த x?"

நான் வழக்கம்போல் அவர் செருப்பைப் பார்த்தேன்.

"தெரியாத ஆளு சார்" என்றார் அண்ணன்.

மழை விட்டதும் அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டோடு அவர் அந்தப் பக்கம் போவதைப் பார்த்தேன். பிறகு போய்ப் பார்த்தபோது 12-க்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. x = 6, ஞாயிற்றுக்கிழமை மட்டும்.